கூடிய செலவில் நகர்ந்த பணம் எது, போன பணம் எது?

2025-ல் தீபாவளி அக்டோபர் 20-ம் தேதியே வந்துவிட்டது. முந்தைய ஆண்டு அது அக்டோபர் 31. இந்தப் பதினோரு நாள் வித்தியாசம் வீடுகளில் பெரிதாகத் தெரிந்திருக்காது. துணி எடுப்பதும் பலகாரத்துக்கு மாவு அரைப்பதும் கொஞ்சம் முன்னால் நடந்திருக்கும், அவ்வளவுதான். பண்டிகையை நம்பி விளம்பரம் செய்யும் நிறுவனங்களின் கணக்கில் மட்டும் அந்தப் பதினோரு நாள் பெரிய குழப்பத்தை உண்டாக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டு முடிந்ததும், 'விளம்பரச் செலவு பட்ஜெட்டைத் தாண்டிவிட்டதே, ஏன்?' என்று மேலாளர் கேட்பார். விளம்பரப் பிரிவில் இருப்பவர் ஒரு பக்கத்தில் பதில் எழுதித் தர வேண்டும்.

அந்த ஒரு பக்கக் குறிப்பை எப்படி எழுதுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. அலுவலகங்களில் இதை மெமோ என்பார்கள். சின்ன வேலைபோலத் தெரியும். ஆனால், அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் அடுத்த மூன்று மாதத்துக்கு யாருக்கு எவ்வளவு பணம் என்பதை மேலாளர் முடிவு செய்வார். தவறாக எழுதப்பட்ட மெமோவால் தேவையான விளம்பரம் நிறுத்தப்படுவதும் உண்டு, வீண் செலவு தொடர்வதும் உண்டு.

வழக்கமாக எழுதப்படும் மெமோ இப்படி இருக்கும்: 'சந்தையில் போட்டி அதிகரித்ததாலும், பண்டிகைக் காலம் நெருங்கியதாலும், இணைய விளம்பரக் கட்டணங்கள் உயர்ந்ததாலும் இந்தக் காலாண்டில் செலவு சற்றுக் கூடியுள்ளது. விற்பனையும் உயர்ந்துள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.' இதில் பொய் எதுவும் இல்லை. ஆனாலும், இதை வைத்து மேலாளர் எந்த முடிவும் எடுக்க முடியாது. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பணம் போனது என்று இதில் இல்லை. அந்தப் பணம் திரும்ப வருமா, இனியும் போகுமா என்பதும் இல்லை.

ஒரு கணக்கை எடுத்து முழுவதும் போட்டுப் பார்ப்போம். தென்மாவட்டத்தில் நல்லெண்ணெய் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம். தீபாவளி அன்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கத்தால் அதற்குப் பண்டிகைக்கு முந்தைய வாரங்கள் முக்கியமானவை. கடைகளிலும் விற்கிறது, தன் இணையதளத்திலும் விற்கிறது. தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. தேதிகளும் வரி விதிகளும் நிஜம்.

2025 ஜூலை–செப்டம்பர் காலாண்டுக்கு விளம்பர பட்ஜெட் 40 லட்சம் ரூபாய். கணக்குப் புத்தகம் காட்டும் செலவு 48 லட்சத்து 56 ஆயிரம். கூடுதல் 8,56,000 ரூபாய், அதாவது 21.4 சதவீதம். பார்த்தவுடன் யாருக்கும் பகீர் என்றிருக்கும். இந்தத் தொகையை நான்காகப் பிரித்துப் பார்த்த பிறகுதான் பயப்பட வேண்டியது எவ்வளவு என்பது தெரியும்.

பெரிய தொகையில் தொடங்குவோம். தீபாவளி விளம்பரத்தை இந்த நிறுவனம் பண்டிகைக்கு ஐந்து வாரம் முன்பு ஆரம்பிக்கிறது. உள்ளூர் கேபிள் தொலைக்காட்சி, பண்பலை வானொலி, நாளிதழ் எல்லாம் சேர்த்து மொத்தம் 12,60,000 ரூபாய். எளிமைக்காக 35 நாளும் சமமாகச் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு 36,000 ரூபாய். 2024-ல் அக்டோபர் 31-க்கு ஐந்து வாரம் முன்பு என்றால் செப்டம்பர் 26. அந்த மாதத்தில் விழுந்தது ஐந்து நாள் செலவு, அதாவது 1,80,000 ரூபாய். மீதி முப்பது நாள் செலவும் அக்டோபரில், அடுத்த காலாண்டில் விழுந்தது. 2025-க்கு பட்ஜெட் போட்டவர் முந்தைய ஆண்டின் காலாண்டுப் பிரிப்பை அப்படியே எடுத்து எழுதிவிட்டார். பெரும்பாலான இடங்களில் இப்படித்தான் நடக்கும். ஆனால், 2025-ல் அக்டோபர் 20-க்கு ஐந்து வாரம் முன்பு என்பது செப்டம்பர் 15. அந்த மாதத்திலேயே பதினாறு நாள் விளம்பரம் ஓடிவிட்டது. செலவு 5,76,000. வித்தியாசம் பதினோரு நாள், 3,96,000 ரூபாய்.

இந்த 3,96,000 கூடுதலாகச் செலவான பணம் அல்ல. அக்டோபரில் செலவாக வேண்டியது செப்டம்பரில் செலவாகியிருக்கிறது. அக்டோபரில் பத்தொன்பது நாள் விளம்பரம்தான் பாக்கி, அதற்கு 6,84,000 போதும். ஆனால், அக்டோபர்–டிசம்பர் பட்ஜெட் தாளில் இன்னும் முப்பது நாளுக்கான 10,80,000 எழுதப்பட்டிருக்கிறது. 'தேதி நகர்ந்ததால் வந்த வித்தியாசம்' என்று மெமோவில் எழுதுபவர், அடுத்த காலாண்டுத் தாளிலிருந்து அதே 3,96,000-ஐத் தன் கையாலேயே குறைத்துக் காட்ட வேண்டும். குறைக்காவிட்டால் அந்தப் பணம் அங்கே கேட்பாரின்றிக் கிடக்கும். அக்டோபர் கடைசியில் யாராவது ஒரு புதுத் திட்டத்துக்கு அதை எடுத்துச் செலவழிப்பார்கள். ஆண்டு முடிவில் 12,60,000-க்குப் பதில் 16,56,000 போயிருக்கும். 'நகர்ந்தது' என்று சொல்லிவிட்டுப் பணத்தைத் திருப்பித் தராத மெமோக்கள்தான் மேலாளர்களின் நம்பிக்கையை அதிகம் கெடுக்கின்றன என்பது என் கருத்து.

எல்லாப் பண்டிகையும் இப்படி நகர்வதில்லை. ஆடித் தள்ளுபடி ஒவ்வோர் ஆண்டும் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிந்துவிடும். பொங்கல் ஜனவரி நடுவைத் தாண்டாது. இரண்டும் சூரியனை வைத்துக் கணக்கிடும் நம் தமிழ் மாதங்களைச் சார்ந்தவை. தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவது. சந்திர ஆண்டு சுமார் பதினோரு நாள் குறைவு என்பதால் ஓர் ஆண்டு, சில சமயம் இரண்டு ஆண்டு முன்னால் நகர்ந்துகொண்டே வரும். அதிக மாதம் ஒன்று குறுக்கிட்டதும் ஒரேயடியாகப் பின்னால் போகும். 2022-ல் அக்டோபர் 24, 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20, 2026-ல் நவம்பர் 8. நவம்பர் 8-க்கு ஐந்து வாரம் முன்பு என்பது அக்டோபர் 4. ஆகவே 2026 செப்டம்பரில் தீபாவளிச் செலவே கிடையாது. அந்த ஆண்டுக்கு 2025-ன் பிரிப்பைப் பார்த்து எழுதினால், ஜூலை–செப்டம்பரில் 5,76,000 மிச்சம் பிடித்ததுபோல் தோன்றும், அடுத்த காலாண்டில் அதே தொகை உதைக்கும். ஆடிக்கும் பொங்கலுக்கும் போன ஆண்டுத் தாளைப் பார்க்கலாம். தீபாவளிக்குப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

அடுத்தது 90,000 ரூபாய். இது செலவே இல்லை, பதிவில் ஏற்பட்ட பிழை. கடை வாசலில் வைக்கும் விளம்பரப் பலகைகளுக்கு ஐந்து லட்சம் ரூபாய்க்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள். பட்ஜெட்டிலும் ஐந்து லட்சம் என்றுதான் இருக்கிறது. பில் வந்தது 5,90,000-க்கு. மேலே இருக்கும் 90,000 என்பது 18 சதவீத ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற நிறுவனம் தன் தொழிலுக்காக வாங்கும் இத்தகைய பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய வரியை, தான் விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். உள்ளீட்டு வரி வரவு என்பது இதுதான். அதனால், பில்லைப் பதியும்போது ஐந்து லட்சம் விளம்பரக் கணக்குக்கும், 45,000 மத்திய வரிக் கணக்குக்கும், 45,000 மாநில வரிக் கணக்குக்கும் போயிருக்க வேண்டும். அவசரத்தில் பில்லின் அடியில் இருந்த மொத்தத் தொகையை அப்படியே விளம்பரக் கணக்கில் பதிந்துவிட்டார்கள்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பட்ஜெட்டைவிடச் சரியாக 18 சதவீதம் கூடியிருக்கும் வரி எதுவென்று பார்த்தாலே போதும். சந்தேகமான தொகையை 1.18-ஆல் வகுத்தால் முழு எண் வந்து நிற்கும். நாளிதழ் விளம்பர இடத்துக்கு வரி 5 சதவீதம்தான் என்பதால் அங்கே 1.05-ஆல் வகுத்துப் பார்க்க வேண்டும். பிழை தெரிந்தவுடன் 'இந்தப் பணம் திரும்பிவிடும்' என்று எழுதிவிடவும் கூடாது. பலகை செய்து கொடுத்தவர் தன் பில்லை அரசிடம் முறையாகத் தாக்கல் செய்திருக்கிறாரா, நம் நிறுவனத்தின் ஜி.எஸ்.டி.ஆர்-2பி அறிக்கையில் அது வந்திருக்கிறதா என்று கணக்குப் பிரிவில் கேட்டு உறுதி செய்த பிறகே எழுத வேண்டும். அதில் வராத பில்லுக்கு வரவு கிடைக்காது. இன்னொரு விதிவிலக்கும் உண்டு. இலவச மாதிரியாகக் கொடுக்கும் பொருள்களுக்கு இந்த வரவு எடுக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. மாதிரி பாக்கெட் விநியோகிக்கும் நிறுவனங்கள் அதற்கான வரியையும் செலவாகவே பட்ஜெட்டில் சேர்த்துவிட வேண்டும்.

மூன்றாவது தொகை சிறியது, 70,000 ரூபாய். ஜூன் மாதம் பேருந்துகளின் பின்புறத்தில் ஓடிய விளம்பரத்துக்கான பில் ஜூலையில் வந்து, ஜூலைக் கணக்கில் ஏறிவிட்டது. விளம்பரம் ஜூனில் ஓடியது என்றால் செலவும் ஜூனைச் சேர்ந்தது. பில் வராவிட்டாலும் ஜூன் 30 அன்றே அதற்குத் தொகை ஒதுக்கிக் கணக்கில் எழுதியிருக்க வேண்டும். கணக்குப் பிரிவில் இதை ப்ரொவிஷன் என்பார்கள். அப்படி எழுதாததால் ஏப்ரல்–ஜூன் காலாண்டில் 70,000 மிச்சம்போலத் தெரிந்தது, இப்போது அது கூடுதலாகத் தெரிகிறது. ஆண்டுக் கணக்கில் வித்தியாசம் பூஜ்யம்.

தாமதமாக வந்த பழைய பில்லைச் சுட்டிக்காட்டுவது எல்லோருக்கும் பிடித்த காரணம். அதே நியாயத்தை இந்தப் பக்கமும் பார்க்க வேண்டும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். செப்டம்பரில் ஓடி முடிந்து இன்னும் பில் வராத விளம்பரம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் 48,56,000 என்ற எண்ணே குறைவானது. இதைச் சரிபார்க்க பில் கோப்பைப் பார்த்துப் பயனில்லை, வராத பில் அதில் இருக்காது. கொடுத்த ஆர்டர்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பில் வந்ததா என்று எதிரே குறித்துக்கொண்டு வர வேண்டும். தொலைக்காட்சி, வானொலி விளம்பரங்களுக்கு எந்த நாளில் எத்தனை முறை ஒளிபரப்பானது என்று சான்று கொடுப்பார்கள். பில் வராவிட்டாலும் அதைப் பெற்று, செப்டம்பரில் ஓடியதற்கு எவ்வளவு தர வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டுவிடலாம். நம் நிறுவனம் பண்பலை வானொலியின் செப்டம்பர் செலவை இப்படி ஏற்கெனவே ஒதுக்கி எழுதிவிட்டது. வேறு பாக்கி இல்லை.

ஆக, 3,96,000 அடுத்த காலாண்டிலிருந்து நகர்ந்து வந்தது. 90,000 பதிவுப் பிழை. 70,000 முந்தைய காலாண்டைச் சேர்ந்தது. மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது மூன்று லட்சம் ரூபாய், பட்ஜெட்டில் 7.5 சதவீதம். உண்மையிலேயே கூடுதலாகப் போன பணம் இதுதான். மேலாளரோடு பேச வேண்டியதும் இதைப் பற்றித்தான்.

இந்த மூன்று லட்சமும் கூகுள் விளம்பரத்தில் போயிருக்கிறது. நல்லெண்ணெய் என்று ஒருவர் தேடும்போது மேலே வரும் விளம்பரத்தை அவர் தொட்டு உள்ளே வந்தால் ஒரு கிளிக். கிளிக்குக்குத்தான் காசு. பட்ஜெட்டில் ஒரு லட்சம் கிளிக், கிளிக்குக்கு எட்டு ரூபாய், மொத்தம் எட்டு லட்சம் என்று போட்டிருந்தார்கள். நடந்தது 1,10,000 கிளிக், கிளிக்குக்குப் பத்து ரூபாய், மொத்தம் பதினோரு லட்சம்.

'கட்டணம் உயர்ந்துவிட்டது' என்று இங்கே நிறுத்திக்கொள்வது எளிது. ஆனால், இரண்டு வேறு விஷயங்கள் நடந்திருக்கின்றன. விலை கூடியிருக்கிறது, வாங்கிய அளவும் கூடியிருக்கிறது. கிளிக்குக்கு இரண்டு ரூபாய் கூடியதால் 1,10,000 கிளிக்குக்கு 2,20,000 ரூபாய் அதிகம். பத்தாயிரம் கிளிக் கூடுதலாக வாங்கியதால், பழைய விலை எட்டு ரூபாய்க் கணக்கில் 80,000 ரூபாய் அதிகம். இரண்டும் சேர்ந்து மூன்று லட்சம். காய்கறிக் கடையில் தக்காளி விலை ஏறியதும் நாம் அரைக் கிலோ அதிகம் வாங்கியதும் வேறு வேறு என்பதுபோலத்தான் இதுவும். முதலாவது சந்தை செய்தது, இரண்டாவது நாம் செய்தது. பதில் சொல்ல வேண்டிய விதமும் வேறு.

விலைக்கான விளக்கத்தை முதலில் பார்ப்போம். கூகுளில் விளம்பர இடம் ஏலத்தில் போகிறது. ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு சின்ன ஏலம் நடக்கிறது. பண்டிகை நேரத்தில் அதிக நிறுவனங்கள் அதே சொல்லுக்குப் போட்டியிட்டால் விலை ஏறும். ஆனால், போட்டியால்தான் ஏறியது என்று எழுதுவதற்கு முன் அதைச் சோதித்துவிட வேண்டும். விளம்பரக் கணக்கிலேயே ஏல நிலவரத்தைக் காட்டும் அறிக்கை ஒன்று இருக்கிறது. நம்மோடு எந்தெந்த இணையதளங்கள் போட்டியிட்டன, எத்தனை சதவீதத் தேடல்களில் அவை நமக்கு மேலே வந்தன என்பது அதில் தெரியும். ஆகஸ்டில் இல்லாத இரண்டு பெயர்கள் செப்டம்பரில் புதிதாக வந்திருந்தால் போட்டி என்பது சரியான காரணம். பெயர்கள் எல்லாம் பழையவையாக இருந்து, அவற்றின் பங்கும் மாறாமல் இருந்தால் காரணம் நம் பக்கம்தான்.

நம் பக்கக் காரணம் பெரும்பாலும் தேடல் சொற்களில் ஒளிந்திருக்கும். மக்கள் உண்மையில் எதைத் தட்டச்சு செய்துவிட்டு நம் விளம்பரத்தைத் தொட்டார்கள் என்று காட்டும் இன்னோர் அறிக்கை உண்டு. அதைத் திறந்தால் 'நல்லெண்ணெய் 5 லிட்டர் விலை' என்று தேடியவரும் இருப்பார், 'நல்லெண்ணெய் வாய் கொப்பளிப்பது எப்படி' என்று தேடியவரும் இருப்பார். முதலாமவர் வாங்க வந்தவர். இரண்டாமவர் தெரிந்துகொள்ள வந்தவர், படித்துவிட்டுப் போய்விடுவார். கிளிக்குக்கு இருவரிடத்திலும் காசு போகும். விளம்பரத்தைப் பரந்த பொருத்தத்தில் வைத்துவிட்டால் இரண்டாவது வகைத் தேடல்கள் நிறைய உள்ளே வரும். 'எப்படி', 'நன்மைகள்' போன்ற சொற்களை விலக்குப் பட்டியலில் சேர்த்தால் அவை நிற்கும். நம் கதையில் புதுப் போட்டியாளர்கள் வந்திருந்தார்கள். ஆகவே 2,20,000-க்குப் போட்டிதான் காரணம் என்று தைரியமாக எழுதலாம்.

பத்தாயிரம் கூடுதல் கிளிக் எப்படி வந்தது? இதற்குச் சிலர் சொல்லும் பதில், 'நாம் வைத்த தினசரி வரம்பைத் தாண்டி கூகுள் தானாகச் செலவழித்துவிட்டது' என்பது. பாதி உண்மை. தேடுபவர்கள் அதிகமாக இருக்கும் நாளில் தினசரி சராசரி பட்ஜெட்டைப்போல் இரண்டு மடங்கு வரை செலவாகலாம். ஆனால், ஒரு மாதத்துக்குத் தினசரித் தொகையைப்போல் 30.4 மடங்குக்கு மேல் கூகுள் வசூலிக்காது. ஒரு நாள் கூடினால் இன்னொரு நாள் குறைந்து சரியாகிவிடும். ஒரு நாள் செலவு ஏன் எகிறியது என்று கேட்டால் இது சரியான பதில், காலாண்டுச் செலவு ஏன் கூடியது என்று கேட்டால் இது பதில் ஆகாது. காலாண்டு முழுவதற்கும் கூடியிருக்கிறது என்றால் யாரோ அந்தத் தினசரித் தொகையையே உயர்த்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். யார், எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்பதும் விளம்பரக் கணக்கின் மாற்றங்களின் வரலாறு பகுதியில் பதிவாகியிருக்கும். நம் நிறுவனத்தில், கிளிக் விலை ஏறி வருகை குறைவதைப் பார்த்த விளம்பரப் பிரிவே செப்டம்பர் 15-ம் தேதி வரம்பை உயர்த்தியது. முன்கூட்டி மேலாளரிடம் அனுமதி வாங்கவில்லை. மெமோவில் இதை அப்படியே எழுதிவிட வேண்டும். வரலாற்றுப் பக்கத்தில் தேதியோடு இருப்பதை மறைத்து எழுதுவதில் ஒரு லாபமும் இல்லை.

இப்போது மெமோவை எழுதிவிடலாம்.

பெறுநர்: பொது மேலாளர்
அனுப்புநர்: விளம்பரப் பிரிவு
நாள்: 8 அக்டோபர் 2025
பொருள்: ஜூலை–செப்டம்பர் 2025 விளம்பரச் செலவு

ஐயா,

இந்தக் காலாண்டில் விளம்பரச் செலவு 48,56,000 ரூபாய். பட்ஜெட் 40,00,000. கூடுதல் 8,56,000. இதில் உண்மையான கூடுதல் செலவு 3,00,000 ரூபாய். மீதி 5,56,000 ஆண்டு மொத்தத்தைப் பாதிக்காது.

பாதிக்காதவை: தீபாவளி இந்த ஆண்டு பதினோரு நாள் முன்னால் வந்ததால் அக்டோபர் விளம்பரத்தில் 3,96,000 செப்டம்பரில் செலவானது. கடைப் பலகை பில்லில் ஜி.எஸ்.டி. 90,000 தவறாகச் செலவில் பதிவாகியிருந்தது. வரி வரவு கிடைப்பதைக் கணக்குப் பிரிவு உறுதி செய்துள்ளது, பதிவு இம்மாதம் திருத்தப்படும். ஜூன் மாதப் பேருந்து விளம்பர பில் 70,000 ஜூலையில் பதிவானது.

உண்மையான கூடுதல் செலவு: கூகுள் விளம்பரத்தில் கிளிக் விலை 8 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக உயர்ந்ததால் 2,20,000. செப்டம்பர் 15 அன்று நாங்கள் தினசரி வரம்பை உயர்த்தியதால் வந்த 10,000 கூடுதல் கிளிக்குக்கு 80,000. வரம்பை உயர்த்தும் முன் தங்கள் ஒப்புதலைப் பெறவில்லை. இனி ஒப்புதல் இல்லாமல் மாற்ற மாட்டோம்.

செப்டம்பரில் ஓடிய விளம்பரங்களில் கணக்கில் வராதது எதுவும் இல்லை.

அக்டோபர்–டிசம்பர்: தீபாவளி ஒதுக்கீட்டை 10,80,000-லிருந்து 6,84,000-ஆகக் குறைத்துத் திருத்திய தாளை இணைத்துள்ளோம். கிளிக் விலை பத்து ரூபாயிலேயே நீடித்தால், திட்டமிட்ட ஒரு லட்சம் கிளிக்குக்கு மேலும் 2,00,000 தேவைப்படும். அந்தத் தொகையை அனுமதிப்பதா, அல்லது எட்டு லட்சத்துக்குள் நின்று 80,000 கிளிக்கோடு முடித்துக்கொள்வதா என்பதைத் தாங்கள் 15-ம் தேதிக்குள் தெரிவிக்கக் கோருகிறோம்.

இவ்வளவுதான் மெமோ. முதல் பத்தியைப் படித்தாலே மேலாளருக்கு விஷயம் புரிந்துவிடும். வரிசையைக் கவனியுங்கள்: கூடிய தொகை, அதில் உண்மையானது எவ்வளவு, பிறகுதான் காரணங்கள். பலர் காரணத்தில் ஆரம்பித்துத் தொகையைக் கடைசியில் வைப்பார்கள். படிப்பவர் தேடிக்கொண்டு போவது அந்த எண்ணைத்தான் என்பதால், அதை எட்டும்வரை நடுவில் எழுதியது எதையும் அவர் உள்வாங்க மாட்டார்.

இந்த மெமோவில் 'விற்பனையும் உயர்ந்துள்ளது' என்ற வாக்கியம் இல்லை என்பதையும் கவனித்திருப்பீர்கள். அது வேண்டுமென்றே விடப்பட்டது. செப்டம்பர் விற்பனை நிச்சயம் உயர்ந்திருக்கும். தீபாவளி முன்னால் வந்தால் கடைக்காரர்களும் முன்னாலேயே சரக்கு எடுப்பார்கள். பதினோரு நாள் விளம்பரம் அக்டோபரிலிருந்து செப்டம்பருக்கு வந்தது போலவே விற்பனையும் வந்திருக்கிறது. விளம்பரச் செலவு கூடியதற்குத் தேதியைக் காரணம் சொல்லிவிட்டு, அதே தேதியால் கூடிய விற்பனைக்கு விளம்பரத்தைக் காரணம் சொல்வது நியாயம் ஆகாது. அதோடு, நிறுவனத்திலிருந்து கடைக்குப் போன சரக்கு வேறு, கடையிலிருந்து வீட்டுக்குப் போன சரக்கு வேறு. செப்டம்பரில் கடை அலமாரியில் அடுக்கியது விற்காமல் நின்றுவிட்டால் நவம்பரில் புது ஆர்டர் வராது. விளம்பரம் பலன் தந்ததா என்று பார்க்க ஆசைப்பட்டால், இரண்டு ஆண்டுகளிலும் பண்டிகைக்கு முந்தைய ஐந்து வாரத்தை எடுத்து ஒப்பிட வேண்டும். 2024-ல் செப்டம்பர் 26 முதல் அக்டோபர் 30 வரை, 2025-ல் செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 19 வரை. அக்டோபர் 8-ம் தேதி மெமோ எழுதும்போது அந்தக் கணக்கு முடிந்திருக்காது. ஆகவே அதைப் பற்றி அப்போது பேசாமல் இருப்பதே சரி.

கடைசியில் மேலாளர் முன் இருப்பது ஒரு கேள்விதான்: இரண்டு லட்சம் கூடுதலாகக் கொடுப்பதா, இருபதாயிரம் கிளிக்கை விட்டுவிடுவதா? இதற்கு விடை அந்தத் தேடல் சொல் அறிக்கையில் இருக்கிறது. ஒரு லட்சம் கிளிக்கில் 'எப்படி', 'நன்மைகள்' வகைத் தேடல்கள் இருபதாயிரம் அளவுக்கு இருந்தால், அவற்றை விலக்குப் பட்டியலில் போட்டுவிட்டு எட்டு லட்சத்துக்குள் நிற்கலாம், வாங்க வருபவர் யாரும் குறைய மாட்டார். அப்படி வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை, வருகிறவர்கள் எல்லாம் வாங்கும் நோக்கத்தோடுதான் வருகிறார்கள் என்றால் வேறு கணக்கு போட வேண்டும். நூறு கிளிக்கில் இரண்டு பேர் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிளிக் பத்து ரூபாய் என்றால் ஒரு ஆர்டரைப் பெற ஐந்நூறு ரூபாய் விளம்பரச் செலவு, எட்டு ரூபாயாக இருந்தபோது அது நானூறு. ஐந்து லிட்டர் டின்னில் நிறுவனத்துக்கு நிற்கும் லாபம் அந்த ஐந்நூறைத் தாங்குமா, ஒரு முறை வாங்கியவர் மீண்டும் வாங்குகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் இரண்டு லட்சத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். விளம்பரப் பிரிவு இந்த இரண்டு எண்களையும் தயாராக வைத்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனால் 15-ம் தேதி வரை காத்திருக்க வேண்டிய அவசியம்கூட இருக்காது.